ஏன் மூணு?



லேப் வைவான்னாலே வயித்தைக் கலக்கும். போன செமஸ்டர்ல என் முறை வந்தப்போ, எக்ஸ்டர்னல் சார் என் ரெக்கார்டை ரெண்டு பக்கம் புரட்டினார். பிரமாதமா கலர் கலரா படம் போட்டு வெச்சிருந்தேன். ‘அசத்திட்டோம்ல’ன்னு நான் நினைச்சுக்கிட்டு நிக்க, அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ‘‘ஏம்ப்பா, `k = 3`ன்னு போட்டிருக்கியே... ஏன் மூணு?’’

‘‘சார்... பூ மூணு வகை சார்.’’

‘‘அது உனக்கு முன்னாடியே தெரியும். தெரியாம இருந்தா?’’

திருதிருன்னு முழிச்சேன். அந்த முழிப்புதான் இந்த வாரம் உங்களுக்கு மேட்டர்!

ஒரே ரோடு, ஆறு பேர், ரெண்டு ஸ்டாப்

பூவை அப்புறம் பார்ப்போம். முதல்ல ஒரு பஸ் கதை. காலேஜ் வாசல்லேர்ந்து நேரா ஒரு ரோடு. ஆறு பசங்க வீடு அந்த ரோட்டு மேலேயே இருக்கு. 1, 2, 3, 9, 10, 11-வது கிலோமீட்டர்கள்ல. டிரைவர் அண்ணன், ‘‘ரெண்டே ஸ்டாப்தான் தருவேன். எங்கே வேணும்னு நீங்களே சொல்லுங்க’’ங்கிறார். எங்கே கேட்கலாம்?

கண்ணால பார்த்தாலே தெரியும், 2 ஒண்ணு, 10 ஒண்ணு. ஆனா கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாதே! அது என்ன பண்ணும்னா, முதல்ல ரெண்டு இடத்தைக் கண்ணை மூடிக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும். 1-ம் 2-ம்னு வெச்சுக்குங்க. ரொம்ப மோசமான ஆரம்பம்தான், பரவாயில்லை.

இப்போ ஒவ்வொரு பையனும் தனக்குக் கிட்ட இருக்கற ஸ்டாப்புக்குப் போறான். 1-ல இருக்கறவன் முதல் ஸ்டாப்புக்கு. மிச்ச அஞ்சு பேரும் ரெண்டாவதுக்கு. அடுத்து, ஸ்டாப்பைத் தூக்கி அந்தக் கும்பலோட சராசரி இடத்துல வைக்கணும். முதல் ஸ்டாப் 1-லயே நிக்குது. ரெண்டாவது, 2, 3, 9, 10, 11-ஐக் கூட்டி அஞ்சால வகுத்தா 7. அங்கே நகருது.

மறுபடி எல்லாரும் கிட்ட இருக்கற ஸ்டாப்பைத் தேடறாங்க. இப்போ ஸ்டாப் 1-லயும் 7-லயும் இருக்கு. 2, 3-ல இருக்கறவங்களுக்கு இப்போ முதல் ஸ்டாப்தான் கிட்ட. கட்சி மாறிடறாங்க! புதுச் சராசரி 2 மற்றும் 10. இன்னொரு சுத்து ஓட்டினா யாரும் மாறலை. யாரும் மாறலைன்னா ஆட்டம் முடிஞ்சுது.

அவ்ளோதாங்க கே-மீன்ஸ்! கிட்ட இருக்கறதுல சேர், சராசரிக்கு நகர், யாரும் மாறாத வரைக்கும் திருப்பிச் செய். பெல் லேப்ஸ்ல இருந்த ஸ்டூவர்ட் லாயிட் 1957-லயே இதை எழுதிட்டார். ஆனா ஜர்னல்ல அச்சானது 1982-ல. நடுவுல 1967-ல ஜேம்ஸ் மேக்குவீன் ‘கே-மீன்ஸ்’னு பேர் வெச்சுட்டார்.

‘இது நிக்காம சுத்திக்கிட்டே இருந்தா?’ன்னு சந்தேகம் வரலாம். வராது. ஒவ்வொரு பையனும் தன் ஸ்டாப்புக்கு எவ்வளவு தூரம்னு பார்த்து, அதை ஸ்கொயர் பண்ணி, எல்லாத்தையும் கூட்டுங்க. இதை ‘மொத்தச் செலவு’ன்னு வெச்சுப்போம். முதல் சுத்துல 70 வரும். ரெண்டாவதுல வெறும் 4. கட்சி மாறினாலும் சரி, ஸ்டாப் நகர்ந்தாலும் சரி, இந்தச் செலவு ஏறவே ஏறாது. ஆறு பேரைப் பிரிக்க எத்தனை வழி இருந்தாலும் அதுக்கு ஒரு கணக்கு உண்டு. அதனால எங்கேயாவது நின்னுதான் ஆகணும்.

சரி, எத்தனை ஸ்டாப்?

இப்போ எக்ஸ்டர்னல் சார் கேள்விக்கு வருவோம். ‘செலவு குறைவா வர்ற `k`-ஐ எடுத்துக்கலாமே’ன்னு தோணும். தோணினா மாட்டினோம்! ஒரே ஸ்டாப்னா செலவு 100. ரெண்டுன்னா 4. மூணுன்னா 2.5. நாலுன்னா 1. ஆறு பேருக்கு ஆறு ஸ்டாப் வெச்சா செலவு பூஜ்யம். வீட்டு வாசல்ல பஸ்! அப்புறம் அது குரூப்பே இல்லையே பாஸ்.

அதனால எவ்வளவு குறையுதுன்னு பார்க்காம, எங்கே குறையறது ‘நின்னு போகுது’ன்னு பார்க்கணும். 100-லேர்ந்து 4-க்குத் தடால்னு விழுது. அதுக்கப்புறம் ஊர்ந்து போகுது. கிராஃப் போட்டா மடக்கின கை மாதிரி இருக்கும். மடங்கற இடம்தான் முழங்கை, அதாவது எல்போ. இங்கே அது `k = 2`.

பஸ் கதையில சுலபமா மாட்டிச்சு. என் ரெக்கார்டுல இருந்த பூவுக்கு? அது ஐரிஸ் டேட்டா. எட்கர் ஆண்டர்சன் அளந்து வெச்சதை, ரொனால்ட் ஃபிஷர் 1936-ல தன் கட்டுரையில போட்டுப் பிரபலமாக்கினார். செட்டோசா, வெர்சிகலர், வர்ஜினிக்கான்னு மூணு வகை, வகைக்கு 50 பூ. ஒவ்வொரு பூவுக்கும் அல்லி இதழ், புல்லி இதழோட நீளமும் அகலமும்னு நாலு அளவு. வகைப் பேரை மறைச்சுட்டு ஓட்டினா, `k` ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் செலவு சுமாரா 681, 152, 79, 57, 46.

முழங்கை எங்கே? ரெண்டுன்னும் சொல்லலாம், மூணுன்னும் சொல்லலாம். நிஜ டேட்டாவுல முழங்கை இப்படித்தான் மழுப்பும்.

அப்போ இன்னொரு ஆள்கிட்ட கேட்கலாம். பேரு சிலவெட் ஸ்கோர். ஒவ்வொரு பூவா கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேட்கும். உன் குரூப்ல இருக்கறவங்க சராசரியா உனக்கு எவ்வளவு தூரம்? பக்கத்து குரூப் எவ்வளவு தூரம்? ரெண்டாவதுலேர்ந்து முதலாவதைக் கழிச்சு, ரெண்டுல எது பெரிசோ அதால வகுக்கணும். 1-க்குக் கிட்ட வந்தா சரியான இடத்துல இருக்கு. 0 வந்தா மதில் மேல் பூனை. மைனஸ்னா தப்பான வீட்டுல குடியிருக்கு! எல்லாப் பூவோட சராசரியையும் எடுத்தா, ஐரிஸ்ல `k = 2`-க்கு 0.68. `k = 3`-க்கு 0.55.

அதாவது, டேட்டாவைக் கேட்டா ‘ரெண்டு’ங்குது. தாவரவியல்காரங்க ‘மூணு’ங்கிறாங்க. நான் மூணுன்னு போட்டதுக்கு டேட்டா காரணமே இல்லை. விடைத்தாளை முன்னாடியே பார்த்துட்டேன், அவ்வளவுதான். சார் கேட்டது இதைத்தான்!

சரி, மூணுன்னே போட்டு ஓட்டினா என்னாகுது? செட்டோசா 50-ம் அழகாத் தனியா வந்துடும். ஆனா மத்த ரெண்டு குரூப்ல 62, 38-ன்னு வரும். அந்த 62-ல வெர்சிகலர் 48, வர்ஜினிக்கா 14. அந்த 38-ல வர்ஜினிக்கா 36, வெர்சிகலர் 2. ஆக 16 பூ இடம் மாறிடுச்சு. அந்த ரெண்டு வகையும் அளவுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. கே-மீன்ஸ் நடுவுல நேர்க்கோடு போட்டு வெட்டும். ஒட்டினதைப் பிரிக்க அதுக்குத் தெரியாது.

எங்கே கவுத்திடும்?

ஒண்ணு, ஆரம்பம் சரியில்லைன்னா. நம்ம ரோட்டுல 30, 31, 32-லயும் மூணு பேர் சேர்றாங்க. மூணு ஸ்டாப் கிடைக்குதுன்னு வெச்சுக்குங்க. சரியான விடை 2, 10, 31, செலவு 6. ஆனா ஆரம்பத்துல 3, 30, 31-ஐத் தேர்ந்தெடுத்துட்டா? முதல் ஆறு பேரும் ஒரே ஸ்டாப்புல மாட்டிக்கிட்டு, அது 6-ல போய் நிக்கும். கடைசி மூணு பேருக்கு 30-ல ஒண்ணு, 31.5-ல ஒண்ணு! இதுக்கப்புறம் யாரும் கட்சி மாற மாட்டாங்க. செலவு 100.5. ஆட்டம் முடிஞ்சுதுன்னு சந்தோஷமா அறிவிச்சுடும்.

‘நின்னுடும்’ங்கிறது உத்தரவாதம். ‘சரியான இடத்துல நிக்கும்’ங்கிறது உத்தரவாதம் இல்லை. இதுக்கு வைத்தியம், வேற வேற ஆரம்பத்துல பல தடவை ஓட்டி, செலவு கம்மியா வர்றதை எடுத்துக்கறது. 2007-ல ஆர்தரும் வாசில்விட்ஸ்கியும் சொன்ன கே-மீன்ஸ் பிளஸ் பிளஸ், ஆரம்பப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி எடுக்கும். சைக்கிட்-லேர்ன் அதைத்தான் பயன்படுத்துது. ஆனா 1.4 வெர்ஷன்லேர்ந்து நீங்க சொல்லலைன்னா ஒரே ஒரு தடவைதான் ஓட்டும். அதனால வாயைத் திறந்து கேளுங்க:

```
km = KMeans(n_clusters=3, n_init=20)
km.fit(X)
print(km.inertia_)
```

அந்த `inertia_`தான் நம்ம மொத்தச் செலவு.

ரெண்டு, தூரத்து ஆள். பழைய ஆறு பேர், ரெண்டு ஸ்டாப் கதைக்கே வாங்க. 2, 10-ல ஸ்டாப் ஜம்முனு நிக்குது. இப்போ 40-வது கிலோமீட்டர்லேர்ந்து ஒரு புதுப் பையன் சேர்றான். 10-ல இருந்த ஸ்டாப் அவனால 17.5-க்கு இழுபடுது. உடனே 9-ல இருக்கறவன் ‘இது எனக்கு தூரம்’னு முதல் ஸ்டாப்புக்குத் தாவறான். அதனால ரெண்டாவது ஸ்டாப் 20-ஐத் தாண்டுது. அப்புறம் 10-ம் 11-ம் தாவறாங்க. கடைசியில? 40-ல ஒரே ஒரு ஆளுக்கு ஒரு ஸ்டாப். மிச்ச ஆறு பேருக்கும் சேர்த்து 6-ல ஒண்ணு. யார் வீடுமே இல்லாத இடம். எல்லாரும் 3-லேர்ந்து 5 கிலோமீட்டர் நடக்கணும்!

இத்தனைக்கும் கம்ப்யூட்டர் தப்பு பண்ணலை. இந்த விடைக்குச் செலவு 100. பழையபடி முதல் மூணு, அடுத்த நாலுன்னு பிரிச்சிருந்தா 679. தூரத்தை ஸ்கொயர் பண்றதால ஒரே ஒரு ஆளோட தூரம் எல்லாரையும் அமுக்கிடுது. கண்டுபிடிக்கறது சுலபம்: விடை வந்ததும் ஒவ்வொரு குரூப்லயும் எத்தனை பேர்னு எண்ணுங்க. எங்கேயாவது ஒண்ணோ ரெண்டோ மட்டும் இருந்தா, அந்த ஆளை முதல்ல போய்ப் பாருங்க. டைப்பிங் தப்பாகவும் இருக்கலாம், நிஜமாவே தூரத்துல இருக்கறவனாகவும் இருக்கலாம். நிஜம்னா, அவனுக்கு ஸ்டாப் வேணுமா வேணாமாங்கிறது நாம எடுக்க வேண்டிய முடிவு. கணக்கு எடுக்கக் கூடாது.

மூணு, வடிவம். வளையலுக்குள்ள ஒரு பொட்டு வெச்ச மாதிரி டேட்டா இருந்தா, வளையலோட சராசரியும் பொட்டோட சராசரியும் ஒரே இடம்தான்! ரெண்டு ஸ்டாப் கொடுத்தா வளையலைப் பாதியா வெட்டி வெச்சுடும். எத்தனை தடவை ஓட்டினாலும் இதேதான். இங்கே கே-மீன்ஸை விட்டுட்டு, அடர்த்தியைப் பார்க்கற டிபிஸ்கேன் மாதிரி வேற ஆளைக் கூப்பிடணும். நம்ம ஆளுக்கு உருண்டையா, ஏறத்தாழ ஒரே சைஸ்ல இருக்கற கும்பல்தான் பிடிக்கும்.

இன்னொரு காமெடி என்னன்னா, குரூப்பே இல்லாத டேட்டாவைக் கொடுத்து `k = 3`ன்னு சொன்னாலும் மூணு கலர்ல பிரமாதமா படம் போட்டுக் கொடுத்துடும். ‘இங்கே குரூப் எதுவும் இல்லையேப்பா’ன்னு ஒருநாளும் சொல்லாது. என் ரெக்கார்டுல இருந்த கலர் படத்துக்கு சார் ஏன் மயங்கலைன்னு இப்போ புரியுதா?

இப்போ அதே கேள்வியை யாராவது கேட்டா சொல்லுவேன்: ‘‘சார், சிலவெட் ரெண்டுன்னு சொல்லுது. முழங்கை ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இழுக்குது. எனக்கு மூணு வகைன்னு வெளியிலேர்ந்து தெரியும், அதனால மூணு போட்டேன். போட்டும் 16 பூ தப்பிடுச்சு.’’

ஆனா வைவா முடிஞ்சு போச்சே! உங்களுக்காவது உதவட்டும். அடுத்த வாரம் பார்க்கலாம், வர்ட்டா..?