மகனுக்குக் கொடுத்த பணத்துக்கு பேங்க் ஏன் கடிதம் கேட்கிறது?

“என் பணம், என் பிள்ளைக்குக் கொடுத்தேன். இதற்கு எதற்கு பேங்க்குக்குக் கடிதம்?” வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த பிள்ளைகளின் பெற்றோர் பலர் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை புரிந்துவிடும்.

மகன் 60 லட்ச ரூபாய்க்கு ஃபிளாட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடன் தொகை 30 லட்சத்துக்கு மேல், 75 லட்சம் வரை என்றால், வீட்டின் மதிப்பில் 80 சதவிகிதம் வரைதான் பேங்க் கடன் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம் மகனுடைய கைப்பணமாக இருக்க வேண்டும். பத்திரச் செலவு தனி. மகனிடம் இருப்பது 5 லட்சம். ஓய்வுபெற்றபோது வந்த பணத்திலிருந்து அப்பா 7 லட்சத்தை அனுப்புகிறார்.

மகனின் ஸ்டேட்மென்ட்டில் இந்த 7 லட்சம் திடீரென்று வந்து நிற்கிறது. இது இனாமா, கைமாற்றா என்பது பேங்க்குக்குத் தெரியாது. கைமாற்று என்றால், இ.எம்.ஐ. கட்டும் அதே சம்பளத்திலிருந்துதான் அப்பாவுக்கும் திருப்பித் தர வேண்டும். அப்போது மகனின் கடன் கட்டும் சக்தி குறைகிறது. அதனால்தான், ‘இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை’ என்று அப்பாவிடம் எழுதி வாங்குகிறார்கள்.

கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்:

“என் மகன் ........ வீடு வாங்குவதற்காக, ரூ.7,00,000 (ரூபாய் ஏழு லட்சம் மட்டும்) தொகையை, ........ தேதியில், ........ வங்கியிலுள்ள என் கணக்கிலிருந்து அவருடைய கணக்குக்கு ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அனுப்பினேன். யூ.டி.ஆர். எண் ........ இது என் ஓய்வுக்காலப் பலன்களிலிருந்து, அன்பின் பேரில் அளித்த அன்பளிப்பு. இதை அசலாகவோ வட்டியாகவோ திருப்பிக் கேட்க மாட்டேன். இந்தத் தொகையைக் காட்டி அந்த வீட்டில் எந்த உரிமையும் கோர மாட்டேன்.”

கீழே அப்பாவின் பெயர், முகவரி, பான் எண், கையெழுத்து. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று மகனின் கையெழுத்து. சாட்சிகள் இருவர் இருந்தால் நல்லது. வெள்ளைத்தாள் போதுமா, முத்திரைத்தாளும் நோட்டரியும் வேண்டுமா என்பது பேங்க்குக்கு பேங்க் மாறும், முதலிலேயே கேட்டுவிடுங்கள். பல பேங்க்குகளில் அவர்களுடைய படிவமே இருக்கும்.

கடிதம் எங்கே திரும்பி வருகிறது? பெரும்பாலும் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்போகாத இடத்தில். அப்பா 5 லட்சம் ஒரு நாளும், 2 லட்சம் இன்னொரு நாளும் அனுப்பியிருந்தால், இரண்டு தேதிகளையும் இரண்டு எண்களையும் தனித்தனியாக எழுத வேண்டும். இன்னொரு சிக்கல் ரொக்கம். பணம் அனுப்புவதற்கு முந்தைய வாரம் அப்பாவின் கணக்கில் 7 லட்சம் ரொக்கமாகப் போடப்பட்டிருந்தால், ‘அது எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்வி அப்பாவிடம் போகும். பணிக்கொடை வந்த வரியோ, டெபாசிட் முடிந்து வரவான வரியோ தெரியும் பாஸ்புக் பக்கத்தைக் கடிதத்தோடு இணைத்தால் கேள்வி எழாது. மகன் கையில் நேரடியாக ரொக்கம் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

வரி பற்றிய பயம் தேவையில்லை. பெற்றோர் பிள்ளைக்குத் தரும் அன்பளிப்புக்கு, தொகை எவ்வளவானாலும், வாங்குபவருக்கு வருமான வரி கிடையாது. நண்பர் தந்தால்தான் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது முழுத் தொகைக்கும் வரி வரும். வரித்துறை என்றாவது கேட்டால் காட்டவும் இந்தக் கடிதம் உதவும். ஒரு பிரதியைப் பத்திரத்தோடு வைத்திருங்கள்.

கையெழுத்துப் போடுமுன் பெற்றோர் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘சும்மா பேங்க்குக்காகத்தானே’ என்று நினைத்து, உள்ளுக்குள் ‘அப்புறம் திருப்பித் தருவான்’ என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்குத் தகராறு வந்தால், திருப்பிக் கேட்க மாட்டேன் என்று நீங்களே எழுதிய கடிதம்தான் முதலில் எடுத்துக்காட்டப்படும்.

வீட்டில் பங்கு வேண்டும் என்றால், கிரயப் பத்திரத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். கடனாகத்தான் தருகிறீர்கள் என்றால், அதை மறைக்காமல் பேங்க்கிடம் சொல்ல வேண்டும். கடன் தொகை குறையலாம், ஆனால் அதுதான் உண்மை. மகளும் இருக்கிறார் என்றால், மகனுக்கு இந்த 7 லட்சம் கொடுத்ததை அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். உயில் எழுதும்போது அதிலும் குறிப்பிடுங்கள். உங்கள் மருத்துவச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்துத்தான் இந்தத் தொகையைக் கொடுக்க வேண்டியிருந்தால், 7 லட்சத்தை 4 ஆக்கிக்கொண்டு, அதற்கேற்ற விலையில் வீடு பார்க்கச் சொல்வதில் தவறே இல்லை.