கையில் 100 ரிங்கிட், ஒரு திறன்பேசி: எந்தத் தொழில் தாங்கும்?

"முதலீடே வேண்டாம், கைப்பேசி இருந்தால் போதும்" என்ற விளம்பரம் டிக்டாக்கில் அடிக்கடி கண்ணில் படுகிறது. இன்னொரு பக்கம், இந்தியத் தொழில்முனைவோருக்கான கடனுதவிச் செய்திகள் நாளிதழ்களில் வருகின்றன. டெக்குன் நேஷனலின் ஸ்புமி திட்டமும் அமானா இக்தியார் மலேசியாவின் 'பெண்' திட்டமும் பலருக்கும் தெரிந்த பெயர்கள். எஸ்பிஎம் முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவர் அல்லது கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருக்கும் ஒருவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். விளம்பரத்தை நம்ப மனம் வரவில்லை; கடன் வாங்கினால் தவணை கட்ட வேண்டும்.

இவரிடம் 100 ரிங்கிட்டும் ஒரு திறன்பேசியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்தத் தொழில் இவருக்குப் பொருந்தும்? பலரும் "எதில் லாபம் அதிகம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கையில் பணம் இல்லாதவர் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: இந்தத் தொழிலில் யாருடைய பணம் முதலில் வெளியே போகிறது? என் பணமா, வாடிக்கையாளர் பணமா?

இணையத்தில் பரிந்துரைக்கப்படும் டிராப்ஷிப் முறையை இந்தக் கேள்வியால் சோதித்துப் பார்க்கலாம். பொருளை நாம் வாங்கி வைப்பதில்லை. ஷோப்பி போன்ற தளத்தில் படத்தைப் போடுகிறோம், ஆர்டர் வந்ததும் விநியோகிப்பாளரிடம் சொல்கிறோம், அவர் பொட்டலத்தை அனுப்பிவிடுகிறார். கேட்பதற்கு முதலீடே இல்லாத தொழில் போலத்தான் இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் கட்டிய பணம் உடனே நம் கைக்கு வருவதில்லை. பொருள் சேர்ந்து, வாங்கியவர் உறுதிப்படுத்தும் வரை அல்லது அதற்கான கால அவகாசம் முடியும் வரை தளம் அதை நிறுத்தி வைக்கிறது. விநியோகிப்பாளரோ பணம் கிடைத்த பிறகுதான் பொருளை அனுப்புவார். இடையில் உள்ள நாள்களுக்கு யார் பணம் போடுவது? நாம்தான்.

எண்களை வைத்துப் பார்ப்போம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு பொருளை 20 ரிங்கிட்டுக்கு வாங்கி 26 ரிங்கிட்டுக்கு விற்கிறோம். தளத்தின் கட்டணம் 3 ரிங்கிட் போக 3 ரிங்கிட் மிஞ்சுகிறது. பணம் திரும்பி வரப் பத்து நாள் ஆகிறது. 100 ரிங்கிட்டை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஐந்து ஆர்டர்களைத்தான் எடுக்க முடியும். மாதத்திற்கு மூன்று சுற்று, பதினைந்து ஆர்டர், 45 ரிங்கிட் லாபம். ஆறாவது ஆர்டர் வந்தால் மகிழ்ச்சி வராது, பயம்தான் வரும்; அதற்குக் கட்டக் கையில் காசு இருக்காது. பதினைந்தில் ஒரு பொருள் உடைந்துபோய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்து, விநியோகிப்பாளரும் பொறுப்பேற்க மறுத்தால், 20 ரிங்கிட் போய்விடும். ஏழு ஆர்டர்களில் சேர்த்த லாபம் ஒரே பொட்டலத்தில் கரைந்துவிடும். ஆயிரம் இரண்டாயிரம் ரிங்கிட் புரட்டக்கூடியவர் இதைத் தாங்குவார். 100 ரிங்கிட்காரர் தாங்கமாட்டார்.

அதே கேள்விக்கு "வாடிக்கையாளர் பணம்" என்று பதில் வரும் தொழிலும் நம் தாமான்களில் ஆண்டுதோறும் நடக்கிறது. தீபாவளிப் பலகாரத்தைச் சொல்கிறேன். முறுக்கு நன்றாகச் சுடும் ஓர் ஆன்ட்டி எல்லாத் தாமானிலும் இருப்பார். அவருக்கு மாவு பிசையத் தெரியும். ஆர்டர் எடுப்பது, கணக்கு எழுதுவது, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது ஆகியவை அவருக்குத் தலைவலி. அந்த மூன்றையும் திறன்பேசி வைத்திருக்கும் ஒரு மாணவர் செய்யலாம்.

ஆன்ட்டி ஒரு டின் முறுக்கை 20 ரிங்கிட்டுக்குத் தருகிறார், மாணவர் 24 ரிங்கிட்டுக்கு விற்கிறார் என்று வைப்போம். ஆர்டர் கொடுக்கும்போதே டின்னுக்கு 10 ரிங்கிட் முன்பணம் வாங்க வேண்டும். நாற்பது டின் ஆர்டர் சேர்ந்தால் 400 ரிங்கிட். அதில் ஒரு சென்கூட எடுக்காமல் ஆன்ட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் மாவும் எண்ணெயும் டின்னும் வாங்குவது அந்தப் பணத்தில்தான். பலகாரத்தைக் கொடுக்கும் நாளில் டின்னுக்கு மீதி 14 ரிங்கிட் வீதம் 560 ரிங்கிட் வருகிறது. ஆன்ட்டிக்குச் சேர வேண்டிய 400 போக, மாணவர் கையில் 160. பெட்ரோலுக்கும் பைகளுக்கும் 30 ரிங்கிட் கழித்தால் 130 ரிங்கிட். பெரிய தொகை இல்லைதான். ஆனால் சொந்தப் பணமாக வெளியே போனது அந்த 30 ரிங்கிட் மட்டுமே.

பத்து ரிங்கிட் முன்பணம் இன்னொரு வேலையையும் செய்கிறது. வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டதும் பத்துப் பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், நான்கு பேர் "எனக்கும் ரெண்டு டின் வைப்பா" என்று எழுதுவார்கள். அவற்றை ஆர்டர் என்று எண்ணக் கூடாது. பத்து ரிங்கிட் வந்து சேர்ந்ததுதான் ஆர்டர். முன்பணமே வாங்காமல் நாற்பது டின் சுட்டு, மூன்று டின்னுக்குரியவர்கள் "ஊருக்குப் போகிறோம், வேண்டாம்" என்றால் ஆன்ட்டிக்கு 60 ரிங்கிட் கடன்பட்டு நிற்க வேண்டும். முன்பணம் இருந்தால் அது 30 ரிங்கிட். அந்த மூன்று டின்னையும் பக்கத்து வீட்டுக்குக் குறைத்து விற்றாலே ஈடாகிவிடும். பின்வாங்கினால் முன்பணம் திரும்பாது என்பதை மட்டும் ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சண்டைதான்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் தேதியும் அளவும்தான். ஆன்ட்டி ஒரு வாரத்தில் எத்தனை டின் சுடுவார் என்பதை முதலிலேயே கேட்டு, அந்த எண்ணிக்கை வந்ததும் ஆர்டரை மூடிவிட வேண்டும். நாற்பது சுடுபவரிடம் எழுபது கேட்டால், கடைசி முப்பதும் தீபாவளிக்கு முதல் நாள் இரவு கருகிப்போய் வரும். தீபாவளிக்கு மூன்று வாரத்திற்கு முன்பே கடைசி நாளை அறிவிப்பது நல்லது. அதற்குள் குறைந்தது பதினைந்து டின்னுக்காவது முன்பணம் வரவில்லையென்றால் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிவிடலாம், நஷ்டமில்லை. தூரத்து ஊர் ஆர்டர் எவ்வளவு ஆசை காட்டினாலும் வேண்டாம். முறுக்கு அஞ்சலில் போனால் தூளாகத்தான் போய்ச் சேரும். உணவைக் கையாளுபவர்கள் பயிற்சி பெற்று, டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது சுகாதார விதி. ஆன்ட்டியிடம் அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பலகாரம் ஆண்டுக்கு ஒரு முறைதான். மற்ற மாதங்களுக்கு, பொருளே இல்லாத சேவைகள் இந்த வரம்புக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். சிறு கடைகளைக் கூகுள் வரைபடத்தில் ஏற்றிக் கொடுப்பது அப்படிப்பட்ட வேலை. பூக்கடை, தையற்கடை, முடிதிருத்தகம் என்று எந்தச் சிறு நகரத்திலும் பல கடைகள் வரைபடத்தில் இருக்காது; இருந்தாலும் திறக்கும் நேரமும் தொலைபேசி எண்ணும் தவறாக இருக்கும். கூகுள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. கடைக்காரர் நமக்குக் கொடுப்பது நம் நேரத்துக்கும் கவனத்துக்கும்தான்.

வேலை முழுவதும் திறன்பேசியிலேயே முடியும். கடையின் பெயர், வகை, முகவரி, நேரம், எண் ஆகியவற்றைப் பதிந்த பிறகு, கடை உண்மையிலேயே அங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் காணொளியைக் கூகுள் பெரும்பாலும் கேட்கும். அதை நடுவில் வெட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். முதலில் தெருப்பெயர் அல்லது பக்கத்துக் கடைகள், அடுத்துக் கடையின் பெயர்ப்பலகை, பிறகு கடை நம் பொறுப்பில் உள்ளது என்பதற்கு அடையாளமாகக் கதவைத் திறப்பது அல்லது கல்லாவைத் திறப்பது. அரை நிமிடத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பரிசீலனைக்குச் சில வேலை நாள்கள் ஆகும். அது முடிந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பத்து நல்ல படங்கள்: வாசல், உள்ளே, கையால் செய்த பொருள்கள், விலைப்பட்டியல்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். பெயர்ப்பலகையில் 'லட்சுமி பூக்கடை' என்று இருக்க, வரைபடத்தில் 'லட்சுமி பூக்கடை கிள்ளான் மலிவு விலை கல்யாண மாலை' என்று ஏற்றுவது ஒன்று. தேடலில் முன்னே வரும் என்ற ஆசையில் செய்வது, பக்கமே முடக்கப்படலாம். இன்னொன்று, கடையின் பக்கத்தை மாணவர் தம் சொந்தக் கூகுள் கணக்கில் திறப்பது. மாணவர் வேறு ஊருக்குப் படிக்கப் போனபின் கடைக்காரரால் நேரத்தைக்கூட மாற்ற முடியாது. உரிமையாளர் கணக்கு கடைக்காரருடையதாக இருக்க, மாணவர் நிர்வாகியாக மட்டும் சேர வேண்டும். மறைச்சொல்லைக் கடைக்காரரே தட்டச்சு செய்யட்டும், அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும்.

கட்டணம் 80 ரிங்கிட் என்றால் வேலை தொடங்கும்போது பாதி, பக்கம் வரைபடத்தில் தெரிந்ததும் மீதி. முதல் கடைக்கு இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டு, அதைக் காட்டி அடுத்த கடைகளைக் கேட்கலாம். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கடைக்கு ஒரு முறைதான் இந்த வேலை. ஒரு நகரில் இருபது கடைகள் முடிந்தால் வேலையும் முடிந்தது. பண்டிகை நேர மாற்றம், புதுப் படங்கள் என்று மாதச் சந்தாவுக்குச் சிலர் சம்மதிப்பார்கள், பெரும்பாலோர் மாட்டார்கள்.

திறன்பேசியைக் காட்டி வரும் சில அழைப்புகளையும் அதே கேள்வியால் அளக்கலாம். 'ஸ்டோகிஸ்' ஆவதற்கு முதலில் 500 ரிங்கிட் சரக்கு எடுக்கச் சொன்னால், அங்கே வாடிக்கையாளரே நாம்தான். பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதற்கு அதிகப் பணம் தருவதாகச் சொன்னால் அது பிரமிட் திட்டம். 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனை, பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் வங்கிக் கணக்கில் யாரோ ஒருவரின் பணத்தை வாங்கி வேறொருவருக்கு அனுப்பினால் கமிஷன் என்றால், சொந்தப் பணம் வெளியே போகாது என்பது உண்மைதான். காவல் துறை தேடி வருவது மட்டும் கணக்கின் சொந்தக்காரரைத்தான்.

பதிவு விஷயம் பலர் நினைப்பதைவிட எளிது. தீபகற்ப மலேசியாவில், தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தனி வணிகப் பெயர் என்றால் 60 ரிங்கிட். முழுநேர உயர்கல்வி மாணவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டா என்று முகப்பில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். 18 வயது நிரம்பாதவர் பதிய முடியாது என்பதால், படிவம் ஐந்து மாணவர் பெற்றோர் பெயரில்தான் தொடங்க வேண்டியிருக்கும். பணம் வந்து சேரும் கணக்கும் அதே பெயரில் இருந்தால், முன்பணம் அனுப்புபவர் திரையில் வேறு பெயரைப் பார்த்துத் தயங்கமாட்டார்.