இட்டேரி வழியே ஒரு சிறுகதை

கிராமத்தில் நடக்கும் சிறுகதையில் யாராவது ஒருவர் எப்படியும் எங்காவது நடந்து போவார். அவர் கால் படும் இடத்துக்கு எழுத்தாளர் என்ன பெயர் சொல்கிறார் என்பதிலேயே கதையின் வட்டாரமும் காலமும் நிலம் யாருடையது என்பதும் வந்துவிடுகின்றன. 'பாதை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கடைசிவரை ஓட்டிவிடும் கதைகள் உண்டு. அவற்றில் ஆள் நடப்பது தெரியும்; ஊர் தெரியாது.

காங்கேயம் பக்கத்து மேட்டுக்காட்டில், 1970-களில் நடக்கும் ஒரு கதையை எடுத்துக்கொள்ளலாம். தம்பி ஒருவன் பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறான். கதையில் அவன் நடப்பது இரண்டு மைல்தான். அந்த இரண்டு மைலுக்குள் தரை மூன்று முறை மாறுகிறது, சொல்லும் மாற வேண்டும்.

அவன் இறங்கும் இடம் ரோடு. கதைசொல்லி 'சாலை' என்று எழுதலாம், இரண்டு பக்கமும் புளியமரம் நின்றால் அந்தச் சொல் பொருந்தவும் செய்யும். ஆனால் பாத்திரத்தின் வாயில் சாலை வந்தால் அவர் மேடையில் பேசுவது போல ஆகிவிடும். ஊர்க்காரர் பேச்சில் அது ரோடுதான். அந்தக் காலத்தில் தார் போட்டதற்கும் கல் பரப்பியதற்கும் வேறுபாடு சொல்லித்தான் பேசினார்கள்: தார் ரோடு, கப்பி ரோடு, மண் ரோடு. தம்பியின் வேட்டியில் செம்புழுதி ஏற வேண்டுமானால் எழுத்தாளர் முதலில் ரோட்டின் வகையைத் தீர்மானித்தாக வேண்டும். 'ரோட்டுக்குப் போயிட்டு வர்றேன்' என்று ஒருவர் சொன்னால் டீக்கடையும் பஸ் நிற்கும் இடமும் சேர்ந்த பகுதி என்று பொருள். ரோடு அங்கே ஓர் இடத்தின் பெயராகவும் ஆகிவிடுகிறது.

ரோட்டிலிருந்து பிரிவது வண்டித்தடம். மாட்டுவண்டியின் இரண்டு சக்கரங்கள் பதிந்து பதிந்து உண்டான வழி அது. நடுவில் புல் நிற்கும். கொங்குப் பேச்சில் தடம் என்பது வழிக்கே பொதுப்பெயர். கிரயப் பத்திரத்திலும் அதே சொல் வரும்: மாமூல் தடம், தடபாத்தியம் என்று. ஆள் நடக்க, மாடு கன்று ஓட்ட, வண்டி போக வர உரிமை உண்டு என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதுவார்கள். நடக்க உரிமை இருப்பவனுக்கு வண்டி ஓட்ட உரிமை இல்லாமல் போகலாம் என்பதே காரணம். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒருவர் இன்னொருவரின் நிலத்து வழியைத் தன் உரிமையாக, தடையில்லாமல், வெளிப்படையாக 20 ஆண்டு பயன்படுத்தியிருந்தால் அது உரிமையாகவே நிலைபெறும். பங்காளிகள் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருப்பதற்கு ஒரு தடம் போதும். அக்காவின் கணவருக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் பகை என்று கதையில் இருந்தால், அதைச் சொல்ல ஒரு பத்தி எழுதத் தேவையில்லை. தடத்தின் குறுக்கே வெட்டிப் போட்ட வேலமுள்ளைத் தம்பி கண்டால் போதும்.

வண்டித்தடம் ஓரிடத்தில் இட்டேரிக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் அடுத்தடுத்த காடுகளின் உயிர்வேலி நிற்க, நடுவே போகும் ஒடுங்கிய வழி இட்டேரி. கால்நடை மேயும் கொறங்காடுகளைச் சுற்றி முள்கிளுவை வேலி இருக்கும் வட்டாரத்தில் இது இயல்பாக அமைந்த ஒன்று. வேலியில் கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறிக் கிடக்கும். மழைக்காலத்தில் தண்ணீரும் அதன் வழியாகவே ஓடும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமிருக்காது. வேலிக்கு அப்பால் நிற்பவருக்கு உள்ளே போகிற ஆளின் பேச்சு கேட்கும், முகம் தெரியாது. ஒட்டுக் கேட்கவும் பயப்படவும் காதலர் சந்திக்கவும் கதாசிரியருக்கு இதைவிட நல்ல இடம் மேட்டுக்காட்டில் கிடையாது. இத்தனையையும் வைத்திருக்கும் சொல்லை விட்டுவிட்டு 'குறுகிய பாதை' என்று எழுதுவது பெரிய இழப்பு. புரியாமல் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 'இட்டேரிக்குள் நுழைந்ததும் இரண்டு பக்க வேலியும் வெயிலை மறைத்தன' என்று எழுதினால் மதுரை வாசகருக்கும் விளங்கிவிடும். அடைப்புக்குறியில் பொருள் எழுதும்போதுதான் கதை அறுபடுகிறது.

கடைசியில் வரப்பு அல்லது ஒற்றையடிப் பாதை. இங்கே பேச்சின் அமைப்பே மாறிவிடும், ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும் என்பதால். எதிர்கொண்டு அழைக்க வந்த மருமகன் முன்னால் போவான், தம்பி பின்னால் வருவான். 'ஏனுங் மாமா, ரோட்டு மேலயே வந்தீங்களா, இட்டேரில வந்தீங்களா?' என்று பையன் திரும்பிப் பார்க்காமலே கேட்பான். மாமனின் முகத்தை அவன் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது என்றால் ஒற்றையடிப் பாதையே சரியான இடம். இருவரும் முகம் பார்த்துப் பேச வேண்டிய காட்சியை இதில் வைத்தால் தவறு உடனே தெரியும். வழிச்சொற்களில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை: ஒற்றையடிப் பாதையில் வண்டி வருவது, இட்டேரியிலிருந்து தூரத்துக் கோபுரம் தெரிவது.

தெரு வேறு வகை. அது வீடுகள் எதிரெதிராக நிற்கும் இடம். தோட்டத்துச் சாளைக்குப் போகிறவன் ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம். அவனைத் தெருவழியே நடத்தினால் அதற்குக் காரணம் வேண்டும். மேலத்தெரு, கீழத்தெரு என்பவை திசைப் பெயர்களாகத் தோன்றினாலும், பல ஊர்களில் அவை சாதிப் பெயர்களின் வேலையைச் செய்கின்றன. எல்லாரும் எல்லாத் தெருவிலும் நடக்கலாம் என்பதற்கே 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே, ஒரு பாத்திரம் எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறது, எங்கே செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கிறது என்பதை எழுதும்போது 'தெரு' என்ற சொல்லில் அலட்சியம் ஆகாது. வீதி என்பது பல ஊர்களில் கோயிலையும் தேரையும் ஒட்டி வருவது: ரத வீதி, மாட வீதி. அப்படி வழங்கும் வட்டாரத்தில் தேரில்லாத சிற்றூருக்கு வீதி என்று எழுதினால் ஊர் இல்லாத பெருமையைப் பூசிக்கொள்ளும்.

இதே கதை வேறு மண்ணுக்குப் போனால் சொற்களும் போய்விடும். யாழ்ப்பாணத்தில் இட்டேரி கிடையாது. வேலிகளுக்கு நடுவே ஒழுங்கை போகும், அதைவிட ஒடுங்கியது குச்சொழுங்கை. அங்கே பழைய பேச்சில் தெரு என்றால் பெரிய ரோட்டையும் குறிக்கும். திருநெல்வேலிப் பக்கம் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் வழி முடுக்கு. தஞ்சைக் காவிரிப் படுகையில் ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையுமே வழிகள். 'கரையோடு போனான்' என்றாலே அவன் வழியில் போனான் என்றுதான் பொருள்.

வெளியூர்க் கதையை எழுதுகிறவருக்கு உதவ அகராதிகள் இருக்கின்றன. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் தொகுத்திருக்கிறார்கள். அகராதி சொல்லைத் தரும். அந்த வழியில் வண்டி போகுமா, இருவர் சேர்ந்து நடக்கலாமா, யாருக்குப் பாத்தியம் என்பதைத் தராது. அதற்கு அந்த ஊரின் பழைய கிரயப் பத்திரம் ஒன்றை வாங்கி அதன் செக்குபந்தியைப் படிக்கலாம். கிழக்கே இன்னாருடைய காடு, மேற்கே இட்டேரி, வடக்கே வண்டித்தடம், தெற்கே ஓடை என்று ஊர்க்காரர்கள் சொன்ன பெயர்களே நான்கு எல்லையிலும் எழுதியிருக்கும்.