நாலு சொல், ஒரே ‘பேக்’

தவளக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஆங்கில-தமிழ் அகராதி உச்சரிப்பைத் தமிழ் எழுத்திலேயே தருகிறது. வசதிதான், ஒத்துக்கிறேன். ஆனால் முதுகும் ‘பேக்’, பையும் ‘பேக்’, பெட்டி கட்டுவதும் ‘பேக்’, ரொட்டி சுடுவதும் ‘பேக்’. விடை தெரிந்தவருக்கு மட்டுமே உதவும் குறிப்பு, கற்கிறவருக்கு எதற்கு?

ஐபிஏ மிரட்டுது என்கிறார்கள். 1886இல் பாரீசில் அதற்கான சங்கத்தைத் தொடங்கியதே மொழி ஆசிரியர்கள்தான், வகுப்பறைக்காகத்தான். கற்போர் அகராதியைத் திறந்து பாருங்க: முதுகு /bæk/, பை /bæɡ/, கட்டுவது /pæk/, சுடுவது /beɪk/. நாலும் நாலாகவே நிற்கின்றன.

வாய்முன் உள்ளங்கையை வைத்துச் சொல்லுங்க. சொல்லின் தொடக்கத்தில் p வந்தால் காற்று கையில் மோதும். B வந்தால் அவ்வளவாக மோதாது. æ என்பது வாயை நன்றாகத் திறந்து சொல்லும் ‘எ’. eɪ ‘எ’யில் தொடங்கி ‘இ’ பக்கம் நழுவும். கடைசி k, ɡ வித்தியாசம் காதுக்குச் சிக்கலா? அதற்கு முந்தைய உயிரைக் கேளுங்க: ɡ-க்கு முன்னால் அது சற்று நீளும்.

இதையெல்லாம் தமிழ் எழுத்திலும் காட்டலாமே என்பீர்கள். காட்டலாம், பகரத்துக்கு மேலே ஒரு புள்ளி, எகரத்துக்கு ஒரு கோடு என்று போட்டு. அப்புறம் அதையும் உட்கார்ந்து படிக்கணும். அதுவும் அந்த ஒரு அகராதிக்கு மட்டும்.