அறுபதும் நூறும்

வைத்தியப் புத்தகத்தில் இதற்கு இருக்கிற வரைவிலக்கணம் இரண்டே வரிதான். வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது அவரது இதயம் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் துடித்தால் டக்கிகார்டியா. 60க்குக் கீழே துடித்தால் பிராடிகார்டியா. இரண்டும் கிரேக்கச் சொற்கள். ஒன்றுக்கு 'வேகமான இதயம்' என்று பொருள், மற்றதுக்கு 'மெதுவான இதயம்'. அவ்வளவுதான். ஏன் வேகம், ஏன் மெது, அதனால் ஆளுக்கு ஏதும் நடக்குமா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஆனால் அதையே ஒரு துண்டில் இங்கிலீசில் எழுதிக் கையில் தந்தால், வீட்டில எல்லாரும் அதை ஒரு வருத்தத்தின் பெயராகத்தான் வாசிக்கினம்.

நீர்வேலியில் ஒரு பெடியனை எடுத்துக்கொள்ளுவம். இருபத்திரண்டு வயது. விடிய வாழைத்தோட்டத்துக்குத் தண்ணி மாறுறவன், பின்னேரம் ஃபுட்போல் விளையாடுறவன். சனசமூக நிலையத்தில் நடந்த மருத்துவ முகாமில் நாடி பார்த்தால் 49. துண்டில் 'பிராடிகார்டியா' என்று எழுதியாச்சு. அம்மா அழுகிறா, கனடாவிலிருந்து பெரியம்மா கோல் எடுக்கிறா, விளையாட்டு நிற்பாட்டியாச்சு. ஆள் நான் கற்பனை பண்ணினதுதான். ஆனால் இப்படி ஒரு வீடு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த 49ஐக் கொஞ்சம் கணக்குப் பார்ப்பம். ஓய்வில் இருக்கிற உடம்புக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தம் போனால் போதும். சாதாரண இதயம் ஒரு துடிப்பில் 70 மில்லிலீற்றர் தள்ளும் என்றால், 70 துடிப்பில் 4900 மில்லிலீற்றர். ஓடி, விளையாடிப் பழகின இதயத்தின் அறைகள் பெரிதாகி, ஒரு துடிப்பில் 100 மில்லிலீற்றர் தள்ளும் என்றால், அதே 4900க்கு 49 துடிப்பே காணும். அவனது இதயம் குறைவாக வேலை செய்யவில்லை. அதே வேலையைக் குறைந்த தடவையில் முடிக்கிறது. அவனுக்குத் தலைசுற்றோ மயக்கமோ இல்லை, ஓடும்போது நாடி 150, 160 என்று தாராளமாக ஏறுகிறது, ஈசிஜியிலும் துடிப்பு வழக்கமான இடத்தில் தொடங்கி ஒழுங்காகக் கீழே வருகிறது என்றால், அந்தத் துண்டில் எழுதினது ஒரு வருணனை மட்டும்தான்.

அது சரி, இந்த 60உம் 100உம் எங்கிருந்து வந்தன? ஈசிஜித் தாளைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள பெரிய பெட்டி ஒன்று 0.2 செக்கன். இரண்டு துடிப்புக்கு இடையில் ஐந்து பெட்டி இருந்தால் நிமிடத்துக்கு 60, மூன்று பெட்டி இருந்தால் 100. எண்ணுவதற்கு நல்ல வசதியான எல்லைகள். அமெரிக்க இதய வைத்தியர் டேவிட் ஸ்போடிக் 1992இல் தன் சகாக்களோடு, ஒரு முறைப்பாடும் இல்லாத 500 பேரின் துடிப்பை அளந்து பார்த்தார். 50க்கும் 90க்கும் இடைப்பட்டதையே வழமை என்று கொள்ளலாம் என்பது அவருடைய வாதம். 2018இல் அமெரிக்க இதயவியல் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டி, மந்தத் துடிப்புக்கான எல்லையை 50க்குக் கீழே என்று வைத்தது. பழைய கோட்டின்படி 55 உள்ள ஒருவர் பிராடிகார்டியாக்காரர், புதுக் கோட்டின்படி அவர் சாதாரண ஆள். இடையில் அவரது இதயத்தில் எதுவும் மாறவில்லை. அந்த வழிகாட்டியும் எண்ணைப் பார்த்து மட்டும் பேஸ்மேக்கர் வைக்கச் சொல்லவில்லை. மெதுவான துடிப்பும் ஆளின் மயக்கமும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்றுதான் முதலில் பார்க்கச் சொல்கிறது.

இதே 49 ஒரு எழுபது வயது ஐயாவுக்கு இருந்து, அவர் கிணற்றடிக்குப் போகவே களைத்து, ஒருநாள் விழுந்தும் போனார் என்றால் கதை வேறு. பிரஷருக்கு எடுக்கிற குளிசை துடிப்பைக் குறைத்திருக்கலாம். மேலறையிலிருந்து கீழறைக்கு மின்செய்தி போகிற வழி அடைபட்டிருக்கலாம். அப்படி முழுதாக அடைபட்டால் கீழறை தன்பாட்டில் மெதுவாகத் துடிக்கும், நடந்தாலும் படியேறினாலும் பெரிதாகக் கூடாது. அவர் உடனே ஈசிஜி எடுக்க வேண்டிய ஆள். பெடியனையும் ஐயாவையும் எண்ணால் பிரிக்க ஏலாது.

என்றபடியால் "எண்ணை விட்டுத்தள்ளுங்கோ" என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுறவையோடும் எனக்குச் சண்டை இருக்கு. எங்கட ஊரில் மாரி மழையோடு டெங்கு வருகிறது. அந்த நாட்களில் நாடியைப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய பிழை.

ஒரு பிள்ளைக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் என்று வையுங்கள். உடல் வெப்பம் 39.5 பாகை, நாடி 108. ஒரு பாகை கூடினால் துடிப்பு ஏறக்குறைய பத்துக் கூடும். வழக்கமாக 80 இருக்கிற பிள்ளைக்கு இந்த வெப்பத்தில் 105, 110 வருவது காய்ச்சலாலேயே விளங்குகிறது. ஐந்தாம் நாள் காய்ச்சல் 37.2க்கு இறங்குகிறது. "அப்பாடா, விட்டிட்டுது" என்று வீடு மூச்சு விடுகிறது. நாடியோ 112. முதல்நாள் இருந்த விளக்கம் இப்போது இல்லை. காய்ச்சல் போன பிறகும் இதயம் ஏன் ஓடுகிறது?

டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் சிலருக்குக் குருதிக்குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கும். குழாய்க்குள் இரத்தத்தின் அளவு குறையும்போது ஒரு துடிப்பில் தள்ளப்படுவதும் குறையும். அதை ஈடுகட்ட இதயம் தடவைகளைக் கூட்டுகிறது. பெடியனின் கணக்கைத் தலைகீழாகப் போட்டால் இதுதான். இந்த நேரம் பிரஷர் பார்த்தால் 110/90 என்று இருக்கலாம். மேல் எண் நல்லாத்தானே இருக்கு என்று நினைப்பீர்கள். இரண்டுக்கும் இடைவெளி 20 மட்டும்தான், வழக்கத்தில் அது 40 அளவில் இருக்கும். கைகால் குளிர்ந்திருக்கும். நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப இரண்டு செக்கனுக்கு மேல் எடுக்கும். வயிற்றுநோ, சத்தி, சலம் குறைதல், ஒரு சோர்வு இவையும் சேரலாம். மேல் எண் விழும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். இந்தக் கட்டம் பெரும்பாலும் 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். அந்த நேரம் பிள்ளை இருக்கவேண்டிய இடம் ஆஸ்பத்திரி. அங்கே வோர்ட்டில் நாடியைத் திரும்பத் திரும்ப எடுத்து நேரத்தோடு குறிக்கிறதும் இதற்காகத்தான். தனி 112ஐ விட, வெப்பம் இறங்க இறங்க நாடி ஏறுகிற கோடுதான் அங்கே பேசும்.

சோதனை மண்டபத்தில் இருக்கிற பிள்ளைக்கும் 112 வரும், மூன்று பிளேன்டீ குடித்தவருக்கும் வரும். ஐந்து வயதுக் குழந்தைக்கு 110 என்பது சாதாரணம், வளர்ந்தவருக்கான கோட்டை அதுக்குப் பிடிக்கவே கூடாது. இரத்தச்சோகையும் தைரொயிட்டும் வேறு கதைகள்.

ஆகவே துண்டில் எழுதுகிறவையிடம் எனக்கு இருக்கிற வேண்டுகோள் சின்னது. 'பிராடிகார்டியா' என்று எழுத ஒரு வரி இடம் இருந்தால், 'விளையாட்டு வீரர், முறைப்பாடு இல்லை' என்று எழுதவும் இடம் இருக்கும். வீட்டில் எடுக்கிற நாங்களும் ஐந்து நிமிடம் சும்மா இருந்து, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஒழுங்காகத் துடிக்கிறதா, இடையில் தவறுகிறதா என்பதும் அந்த ஒரு நிமிடத்துக்குள் தெரியும். டொக்டருக்குக் கோல் எடுத்தால் எண்ணோடு நிற்காமல், எத்தனையாம் நாள் காய்ச்சல், இப்போது வெப்பம் எவ்வளவு, என்ன குளிசை எடுக்கிறார், கை குளிர்கிறதா, கடைசியாக எப்போது சலம் போனது என்பதையும் சொல்லுங்கோ. நெஞ்சு நோகுது, மூச்சு வாங்குது, மயங்கி விழுந்தார் என்றால் எண்ணவே தேவையில்லை, 1990க்கு அடியுங்கோ.