வெள்ளம் வந்தது உண்மை. சரக்கு ஏற்றிய தேதி என்ன?

சரக்கு வரத் தாமதமானால், “இயற்கைச் சீற்றம், எங்கள் கையில் இல்லை” என்று இப்போது கடிதம் வருகிறது. ஆங்கிலத்தில் ஃபோர்ஸ் மெஜூர் என்பார்கள். இந்தச் சொல்லைக் கண்டதும் நம்மில் பலர் வாயடைத்துப் போகிறோம். அது தேவையில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடிப் பக்கம் பெரும் வெள்ளம் வந்ததை நாம் அறிவோம். நான் அங்கே 400 மூட்டை உப்புக்கு ஆர்டர் கொடுத்திருந்தேன். 12-ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்று எழுத்தில் இருந்தது. 20-ஆம் தேதி, “வெள்ளத்தால் தாமதம், ஒரு மாதம் பொறுங்கள்” என்று கடிதம் வந்தது. பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளம் வந்தது கெடு முடிந்து ஐந்து நாள் கழித்து அல்லவா? ஏற்கெனவே தவறியவர் பின்னால் வந்த வெள்ளத்தைக் காட்ட முடியாது.

நான் சண்டைக்குப் போகவில்லை. மூன்று விவரம் கேட்டேன். என் சரக்குக்கு லாரி பேசிய தேதி என்ன? அந்த வாரம் வேறு யாருக்காவது சரக்கு போனதா, எடைமேடைச் சீட்டு, லாரி ரசீது எங்கே? எந்த உப்பு அம்பாரம் கரைந்தது, கிராம நிர்வாக அலுவலர் சான்றோ இன்சூரன்ஸுக்கு எழுதிய கடிதமோ உண்டா? மழைக்காலத்தில் உப்பு விளைவதில்லை. குவித்து வைத்த அம்பாரத்திலிருந்துதான் விற்பார்கள். ஆகவே மூன்றாவது கேள்விக்கு உண்மையானவரிடம் பதில் இருக்கும். பத்திரிகைச் செய்தியின் நகல் ஊருக்கு வந்த வெள்ளத்துக்குச் சான்றே தவிர, அவர் சரக்குக்குச் சான்றாகாது. எண்ணெய் போன்ற வரியுள்ள சரக்கானால் இ-வே பில்லையும் கேளுங்கள். எடுத்த தேதியும் வண்டி எண்ணும் அதில் இருக்கும். உப்புக்கு அது கட்டாயமில்லை.

முதல் இரண்டு கேள்விக்கும் அவரிடமிருந்து பதிலே வரவில்லை. இதற்கிடையில் கடை ஓட வேண்டுமே என்று வேறிடத்தில் மூட்டைக்கு 40 ரூபாய் கூடுதலாக 100 மூட்டை வாங்கினேன். பில்லைப் பத்திரப்படுத்தினேன்.

ஜனவரியில் பாக்கி 300 மூட்டை வந்தது. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். தாமதச் சரக்கைப் பேசாமல் இறக்கிக்கொண்டால், பிறகு தாமத நஷ்டம் கேட்க முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 55-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. “சரக்கை ஏற்கிறேன், நஷ்டம் கோரும் உரிமையை விடவில்லை” என்று இறக்கும்போதே எழுதிக் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்கினேன். 4,000 ரூபாயைக் கழித்துக்கொள்ள அவர் சம்மதித்தார்.

அதே வெள்ளத்தில் இன்னொருவர், கெடுவுக்கு முன்பே போன் செய்து, கரைந்த அம்பாரத்தின் படமும் சான்றும் தாமே அனுப்பி, மிஞ்சியதை எல்லாருக்கும் பங்கிட்டார். அவரிடம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. அடுத்த ஆர்டரும் அவருக்கே கொடுத்தேன். கஷ்டப்பட்டவரையும் சாக்குச் சொல்பவரையும் பிரித்துக் காட்டுவது தேதியும் காகிதமும்தான்.