சோம்பேறி என்று சொல்வதற்கு முன்



கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் பத்து வயதைத் தாண்டிய பெண் குழந்தை இருப்பவர்களாவது கடைசி வரை படியுங்கள். "இது பொம்பளைங்க விஷயம்" என்று அப்பாக்கள் தள்ளிவிட்டுப் போக வேண்டாம்.

போன கோடை விடுமுறையில் என் தம்பி மகள் தன் பெண்ணோடு வந்து ஒரு வாரம் தங்கினாள். பெண்ணுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்புக்குப் போகப் போகிறவள். ஒருநாள் காலையில் வடாம் காயவைக்க மொட்டை மாடிக்குக் கூட வரச் சொன்னேன். முழங்கால் வலியோடு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் மேலே போய்ச் சேர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் குழந்தை பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். "நெஞ்சு படபடங்குது பாட்டி" என்றாள்.

கீழே வந்து அவள் அம்மாவிடம் சொன்னேன். "அவளைக் கண்டுக்காதீங்க அத்தை. ராத்திரி பூரா போன், பகல் பூரா தூக்கம். சரியான சோம்பேறி" என்று முடித்துவிட்டாள்.

மறுநாள் அந்தப் பெண் அரிசி டின்னுக்குள் கைவிட்டு ஒரு பிடி பச்சரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று நம் வீடுகளில் கேலி செய்வோம். அன்று எனக்குக் கேலி வரவில்லை. வேறொரு பெண்ணின் முகம்தான் வந்தது.

ரொம்ப வருஷத்துக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பெயரும் ஊரும் வேண்டாம். கரும்பலகைக்குக் கீழே விழும் சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கித் தின்பாள். மத்தியான வகுப்பில் தூங்கி விழுவாள். விளையாட்டுப் பீரியடில் மரத்தடியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். நான் அவளை இரண்டு முறை வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்திருக்கிறேன். அரிசி, சாக்பீஸ், சிலேட்டுக் குச்சி, மண், ஐஸ் கட்டி இவற்றின் மேல் வரும் அடங்காத ஆசை, பல பெண்களுக்கு உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனதன் அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆசிரியர் பயிற்சியில் படித்த உடல்நலப் பாடத்தில் அப்படி ஒரு வரி இருந்ததாக நினைவில்லை. இருந்திருந்தாலும் அவளைப் பார்த்தபோது எனக்கு அது தோன்றவில்லை.

அதனால் இந்தத் தடவை சும்மா இருக்கவில்லை. அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, மாதவிலக்கைப் பற்றிக் கேட்டேன். எட்டு ஒன்பது நாள் போகும் என்றாள். முதல் மூன்று நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டும். பள்ளியில் மாற்ற வசதியாக இருக்காது என்பதால் இரண்டு நாள் லீவு. இரவில் படுக்கையில் பழைய துண்டை விரித்துக்கொண்டு படுப்பாள், நடுவில் எழுந்தும் மாற்றுவாள். பத்து ரூபாய்க் காசு அளவுக்குக் கட்டியும் போகும். இவ்வளவையும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றால், "எல்லாருக்கும் இப்படித்தானே பாட்டி?" என்கிறாள்.

அம்மா வந்ததும் கேட்டேன். "எனக்கும் அப்படித்தான் அத்தை, எங்க அம்மாவுக்கும் அப்படித்தான்" என்றாள். தாயும் பாட்டியும் பட்ட கஷ்டம் என்பதால் அது இயல்பு ஆகிவிட்டது. எத்தனை வீடுகளில் இந்த ஒரு வாக்கியம் பெண்பிள்ளைகளின் வாயை அடைத்து வைத்திருக்கிறது!

இதில் உள்ள கணக்கைச் சொல்கிறேன். எளிய கணக்குதான். சாதாரணமாக ஒரு மாதவிலக்கில் முப்பது நாற்பது மில்லி ரத்தம் போகும். எண்பது மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது மருத்துவக் கணக்கு. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. எண்பது மில்லி போனால் நாற்பது மில்லிகிராம் இரும்பு போய்விட்டது. முப்பது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஒன்றே கால் மில்லிகிராமுக்கு மேல். தோல், குடல் வழியாகத் தினமும் இயல்பாகப் போவது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். வளரும் வயதில் புது ரத்தமும் புதுத் தசையும் உண்டாக வேண்டும், அதற்கும் இரும்பு வேண்டும். ஆக, செலவு தினமும் இரண்டு மில்லிகிராமுக்கு மேல்.

வரவு என்ன? அரிசிச் சாதம், காய்கறி, பருப்பில் இருக்கும் இரும்பில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. அதனால்தான் இந்த வயதுப் பெண்ணுக்கு உணவில் தினமும் முப்பது மில்லிகிராம் அளவுக்கு இரும்பு வேண்டும் என்கிறார்கள். இவள் சாப்பிடுவதை எழுதிப் பார்த்தோம். காலையில் டீயும் பிஸ்கட்டும். மத்தியானம் டப்பாவில் எலுமிச்சைச் சாதம் அல்லது தயிர்சாதம். சாயங்காலம் டீயும் நூடுல்ஸும். இரவு இரண்டு தோசை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழி. முப்பதில் பாதி தேறுவதே சந்தேகம். வரவு குறைவு, செலவு அதிகம், வயதுக்கு வந்து மூன்று வருஷமாக இதே கதை. கையிருப்பு என்ன ஆகும்?

மறுநாளே மருத்துவரிடம் போனார்கள். ஹீமோகுளோபின் 8.4. இந்த வயதில் 12க்குக் குறையக் கூடாது. இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. அது 15க்குக் கீழே போனாலே கையிருப்பு காலி என்று பொருள். அறிக்கையைப் பார்த்த தாய் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "சோம்பேறின்னு திட்டிட்டேனே" என்றாள்.

மருத்துவர் கேட்ட ஒரு கேள்வி முக்கியமானது. அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா, பல் தேய்த்தால் ஈறில் வருமா, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்கச் சிரமப்பட்டதா என்று தாயையும் மகளையும் சேர்த்துக் கேட்டார். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருஷம் ஹார்மோன் சீராகாததால் போக்கு அதிகமாக இருப்பது உண்டு. ஆனால் சில குடும்பங்களில் ரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை இருக்கும். "எங்க பரம்பரையே அப்படித்தான்" என்பது அங்கே சமாதானம் இல்லை, மருத்துவருக்குத் துப்பு. இவளுக்குப் பரிசோதனையில் அப்படி எதுவும் இல்லை. இரும்பு மாத்திரையும், அந்த நாட்களில் மட்டும் போட்டுக்கொள்ளப் போக்கைக் குறைக்கும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் 8.8. குறைந்தது ஒரு புள்ளியாவது ஏறியிருக்க வேண்டும். மாத்திரையை எப்போது போடுகிறாள் என்று மருத்துவர் விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. காலை டீயோடு! டீ, காப்பி, பால் மூன்றுமே இரும்பை உடம்பில் சேர விடாது. அதோடு வயிற்றைப் பிரட்டியதாலும், மலம் கறுப்பாகப் போனதால் பயந்தும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போடாமல் விட்டிருக்கிறாள். மலம் கறுப்பது மாத்திரையால்தான், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றுத் தண்ணீரோடு போட்டாள். அடுத்த மாதம் 10.3. நான்காம் மாதம் 12.2. அத்தோடு நிறுத்திவிடலாமா என்றதற்கு மருத்துவர் கூடாது என்றார். ரத்தம் நிரம்பியிருக்கிறது, கையிருப்பு இன்னும் நிரம்பவில்லை, இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்றார். பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் திரும்பப் பழைய இடத்துக்கே வருகிறார்கள்.

மாத்திரை சரியாகப் போட்டும் ஏறவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். தலசீமியாக் கூறு இருப்பவர்களுக்கும் ரத்தம் குறைவாகக் காட்டும், ஆனால் அந்தக் குறை இரும்பால் தீராது. அதனால் பரிசோதனை செய்யாமல் நாமாக மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டே போகக் கூடாது.

பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சோகை வராமல் காக்கத்தான். வந்துவிட்ட சோகைக்கு அது போதாது. ஆனால் அதையும் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே எறிவதை நானே பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு அது குமட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் தாங்கும். குடற்புழு மாத்திரையையும் தவிர்க்க வேண்டாம். கொக்கிப்புழு குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சுகிற ஜீவன்.

சாப்பாட்டில் நம்மவர்களுக்குப் பீட்ரூட் மேல் அபார நம்பிக்கை. நிறம்தான் சிவப்பு, நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. ஈரல், ஆட்டுக்கறி, மீனில் இருக்கும் இரும்பு நன்றாகச் சேரும். சைவ வீடுகளில் கம்பு, கொள்ளு, கீரை, சுண்டல் எதுவானாலும் கூடவே எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஏதாவது ஒன்று இருக்கட்டும். டீயைச் சாப்பாட்டை விட்டு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். ஆனால் ஒன்று, 8.4க்கு வந்துவிட்ட பிள்ளையைக் கீரையால் மட்டும் மேலே கொண்டுவர முடியாது. அதற்கு மாத்திரைதான்.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது, உள்ளங்கையும் நகமும் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ரத்தம் நன்றாகக் குறைந்த பிறகுதான் அந்த வெளுப்புத் தெரியும். அதற்கு முன்பே தெரிவது மாடிப்படியிலும் அரிசி டின்னிலும் நாப்கின் பாக்கெட்டிலும். போன வருஷம் ஓடியாடியவள் இந்த வருஷம் படியேற மூச்சு வாங்குகிறாளா? அடிக்கடி தலைவலி என்கிறாளா? மாதம் ஒரு பாக்கெட் வாங்கிய வீட்டில் இப்போது மூன்று வாங்குகிறீர்களா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? நடு இரவில் எழுந்து மாற்றுகிறாளா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே மருத்துவமனை.

பாக்கெட் வாங்கி வருவது பல வீடுகளில் அப்பாதான். எத்தனை பாக்கெட் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அதனால்தான் அப்பாக்களும் படிக்க வேண்டும் என்றேன்.

பேத்தி இப்போது படியில் எனக்கு முன்னால் ஏறிப் போய் மேலே நின்று கை கொடுக்கிறாள். அவளையும் அவள் அம்மாவையும் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதினேன்.

அன்று முட்டி போட்ட என் மாணவி இதைப் படிக்கிறாளா தெரியாது. படித்தால், டீச்சரை மன்னித்துவிடம்மா. உனக்குப் பெண் குழந்தை இருந்தால், அவளிடம் இன்று இரவே ஒரு வார்த்தை கேட்டுவிடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்